சிறுகதை: ராஜினாமா (முடிவு பற்றிக் கருத்து வேண்டும்)

ஆத்தோரம்:
வணக்கம். நாலைந்து மாதமாகக் கையில் கிடந்த கதை. கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஊர், பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் செம்பனை ஆலையில் வேலை பார்த்தவன் இல்லை. சித்தப்பா பார்த்தார். அவர் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து எழுதியது. ஆலை விவரத்தில் தப்பு இருந்தால் சொல்லுங்கள். முடிவு சரியாக வந்திருக்கிறதா என்பதுதான் முக்கியமான சந்தேகம்.

---

முதல் கடிதத்தை அவன் எழுதியது செப்டம்பர் 18ஆம் தேதி, இரவு வேலை முடிந்து வந்து, குளிக்காமலே. சட்டையில் ஆலை வாடை அடித்தது. அம்மா பசியாறக் கூப்பிட்டாள். "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தான்.

இரண்டு பக்கம் நிற்காமல் வந்தது. மூன்று வாரமாக வாசலில் லோரி வரிசை. ராம்ப்பில் கொட்டிய பழம் வெயிலில் கிடந்து கனிந்து வழிகிறது. பழம் காத்திருந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், அமிலம் ஏறினால் விலை இறங்கும். அதனால் பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் இரண்டாம் நம்பர் ஸ்டெரிலைசரின் கதவுப் பூட்டை யாரோ கம்பியால் கட்டிவிட்டார்கள். உள்ளே ஆவி இருக்கும்போது கதவு திறக்காமல் தடுக்கும் பூட்டு அது. கட்டிவிட்டால் காத்திருக்க வேண்டாம், ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடம் மிச்சம். அவன் கம்பியை வெட்டினான். அடுத்த ஷிப்டில் புதுக் கம்பி இருந்தது. பதிவேட்டில் எழுதினான். மேனேஜர் வாசித்துவிட்டு, "சீசன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

பதினேழாம் தேதி இரவு, இரண்டரை மணிக்கு, வங்காளதேசத்துப் பையன் ஒருவன் கதவைத் திறந்தான். ஆவி குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் தேங்கிய வெந்நீர் முழங்கால் உயரத்துக்கு வெளியே வந்தது. பையன் குதித்துத் தப்பித்தான். பூட்ஸுக்குள் போன தண்ணீரில் கெண்டைக்கால் வெந்துபோனது. கிளினிக்கில் மூன்று நாள் லீவு கொடுத்தார்கள்.

இதெல்லாம் கடிதத்தில் இருந்தது. தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள், எல்லாம். கடைசி வரியாக, "இப்படிப்பட்ட இடத்தில் என்னால் வேலை செய்ய முடியாது" என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனான். ஷவருக்கு அடியில் நின்றபோதுதான் கடிதத்தில் எழுதாத ஒன்று நினைவுக்கு வந்தது. கிளினிக்குக்குப் போன அறிக்கையில், "தரை வழுக்கி விழுந்ததில் காயம்" என்று இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

இரண்டாவது கடிதம் ஒரு வாரம் கழித்து. அதற்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா அதே ஆலையில் இருபத்தெட்டு வருஷம் பாய்லருக்கு நாரும் ஓடும் போட்டவர். ஓய்வு பெற்றபோது லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதே மாதம் மகனுக்கு அங்கேயே உதவிப் பொறியாளர் வேலை கிடைத்தது. ஸ்டாஃப் வீடும் கிடைத்தது. லயத்திலிருந்து இருநூறு மீட்டர் மேட்டில் ஏறிக் குடிபோனார்கள். அம்மா கருவேப்பிலைச் செடியை வேரோடு தோண்டி எடுத்து வந்தாள்.

"எழுதுறதுன்னா நன்றி சொல்லி எழுது. அந்த மனுஷன்தான் உனக்கு வேலை போட்டுக் கொடுத்தாரு," என்றார் அப்பா.

அதனால் இரண்டாவது கடிதம் முழுக்க நன்றி. மேனேஜர் கற்றுக்கொடுத்ததற்கு, வாய்ப்புக்கு, அப்பாவைத் தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டதற்கு. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்." "வீட்டைக் காலி செய்யக் கொஞ்சம் அவகாசம் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." வாசித்துப் பார்த்தான். மன்னிப்புக் கடிதம் மாதிரி இருந்தது. கடைசி நாள் எது என்றே எழுதியிருக்கவில்லை.

செப்டம்பர் 30 இரவு வேலை. லோரிகள் குறைந்திருந்தன. இரண்டாம் நம்பர் கதவில் கம்பி இருந்தது. வெட்டவில்லை. விடிந்து வீட்டுக்கு வந்து வேலை ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு காலண்டரை எண்ணினான். இரண்டு மாத நோட்டீஸ். தீபாவளி இந்த வீட்டில்தான்.

மூன்றாவது கடிதம்:

"வேலை ஒப்பந்தத்தின்படி இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து உதவிப் பொறியாளர் பணியிலிருந்து விலகுகிறேன். இந்தக் கடிதம் அக்டோபர் 1 அன்று தரப்படுகிறது. என் கடைசிப் பணிநாள் நவம்பர் 30. ஸ்டாஃப் வீட்டை அன்று ஒப்படைக்கிறேன். பதிவேடுகளையும் சாவிகளையும் யாரிடம் கொடுப்பது என்று தெரிவிக்கவும்."

"சொந்தக் காரணங்களுக்காக" என்ற இரண்டு சொல்லை ஒருமுறை சேர்த்தான், எடுத்தான், மறுபடி சேர்த்தான். பிறகு எடுத்துவிட்டு அனுப்பினான். மணி 7:52.

அம்மா பசியாறக் கூப்பிட்டாள்.

புதிதாக ஒரு மின்னஞ்சலைத் திறந்தான். பெறுநர் இடம் காலியாக இருந்தது. "செப்டம்பர் 17 இரவு நடந்தது வழுக்கி விழுந்தது அல்ல" என்று எழுதினான்.

---

லாபிஸ் அக்கா:
தம்பி, அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். இந்தக் காலத்தில் வேலை கிடைப்பது அவ்வளவு லேசு இல்லை. மேனேஜரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு வீட்டை விட்டு எங்கே போவீர்கள்? தீபாவளி போனஸையாவது வாங்கிக்கொண்டு அப்புறம் கடிதம் கொடுத்திருக்கலாமே.

ஆத்தோரம்:
அக்கா, இது கதை. நான் தைப்பிங்கில் பள்ளிக்கூட வாத்தியார். :)

லாபிஸ் அக்கா:
ஐயோ, நேராகக் கீழே படித்துக்கொண்டே வந்துவிட்டேன். பரவாயில்லை, போனஸ் விஷயம் கதைக்கும் பொருந்தும்.

கிள்ளான்வாசி:
நல்ல கதை. ஆனால் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. பையன் எத்தனை வருஷம் வேலை செய்தான் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் நோட்டீஸ் ஆறு வாரம்தான். 1955 வேலைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கம்பெனி ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் என்று போட்டாலும் செல்லாது. அவன் நவம்பர் நடுவிலேயே போய்விடலாம். அவசரமென்றால் 24 மணி நேர நோட்டீஸும் இருக்கிறது.

கோப்புமேசை:
கிள்ளான்வாசி அண்ணே, பாதி சரி. பன்னிரண்டு வருஷமாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், இதே கேள்வி மாதத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு வரும்.

நான்கு வாரம், ஆறு வாரம், எட்டு வாரம் என்பது ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி எழுத்தில் எதுவும் இல்லாதபோது வருகிற கணக்கு. இரண்டு வருஷத்துக்குக் கீழே நான்கு, இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஆறு, ஐந்தும் அதற்கு மேலும் எட்டு. எழுத்தில் இரண்டு மாதம் என்று இருந்தால் இரண்டு மாதம்தான். ஒன்று மட்டும், இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நீங்கள் போனால் இரண்டு மாதம், கம்பெனி அனுப்பினால் ஒரு மாதம் என்று எழுத முடியாது.

கதையில் எனக்குப் பிடித்தது தேதிக் கணக்கு. நோட்டீஸ் கொடுக்கிற நாளும் எண்ணிக்கையில் சேரும். அக்டோபர் 1 அன்று கொடுத்தால் நவம்பர் 30 கடைசி நாள், டிசம்பர் 1 இல்லை. இதைத் தப்பாக எண்ணி ஒரு நாள் சம்பளத்துக்குச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கடிதத்தில் கடைசி நாளே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வரும் கடிதங்களில் நாங்கள்தான் தேதி போடுவோம். எங்களுக்குத் தோதான தேதியைத்தான் போடுவோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

24 மணி நேர நோட்டீஸ் என்று தனியாக ஒன்றும் இல்லை. நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தைக் கட்டிவிட்டு உடனே போவதைத்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள்.

நைட் ஷிப்ட்:
இது எனக்கே நடந்தது. எண்ணெய் ஆலை இல்லை, ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. சூப்பர்வைசரோடு தகராறு, கோபத்தில் "24 ஹவர்ஸ்" என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாத நோட்டீஸ். மாதக் கடைசியில் பேங்க்கைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. போன் செய்தால், "நீ எங்களுக்குத்தான் தர வேண்டும்" என்றார்கள். இன்னொன்று, ஒரு பயிற்சிக்கு அனுப்பியதற்கு மூவாயிரம் வெள்ளி பாண்ட் இருந்தது. இரண்டு வருஷ பாண்டில் ஒன்றரை வருஷம் முடித்திருந்தேன். முழு மூவாயிரமும் கேட்கிறார்கள். கட்ட வேண்டுமா?

கோப்புமேசை:
முழுசும் கேட்கலாம், முழுசும் கிடைத்துவிடும் என்பதில்லை. ஒப்பந்தச் சட்டத்தில் 75ஆம் பிரிவு, எழுதிவைத்த தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடு என்கிறது. நீங்கள் நான்கில் மூன்று பங்கு முடித்தது உங்களுக்குச் சாதகமாகப் பேசும். பாண்ட் தாளைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். தொழிலாளர் அலுவலகத்தில் தாளோடு போய்க் கேளுங்கள். தனி இழையாகப் போடுங்கள், இங்கே கதை திசை மாறுகிறது.

பழைய பாய்லர்:
ஐந்து ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கதையை இரண்டு முறை படித்தேன். ஆலை விவரம் கேட்டிருக்கிறார், சொல்கிறேன்.

கம்பி கட்டுவது நிஜம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதில் கடைசி ஆவியை முழுக்க வெளியேற்றி, தேங்கிய நீரை வடியவிட்டு, கதவைத் திறக்கும் வரைக்கும் உள்ள நிமிடங்கள்தான் அவசரக்காரன் கண்ணில் படும். பாக்கி நேரத்தில் கை வைத்தால் பழம் வேகாது, குலையிலிருந்து உதிராது, உடனே தெரிந்துவிடும். இந்த நிமிடங்களைத் திருடினால் எண்ணெயில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் இங்கே திருடுவார்கள்.

ஒரு திருத்தம். "ஆவி குறைவாகத்தான் இருந்தது" என்று லேசாக எழுதிவிட்டீர்கள். கதவு விட்டம் இரண்டு மீட்டர் என்று வையுங்கள். பரப்பு மூன்று சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உள்ளே பத்தில் ஒரு பார் மிச்சமிருந்தாலே அந்தக் கதவின் மேல் மூன்று டன் தள்ளுகிறது. பத்து பார் வரை காட்டும் அளவுமானியில் பத்தில் ஒரு பார் என்பது முள்ளின் தடிமன் அளவு. ஆபரேட்டர் பூஜ்யம் என்றுதான் படிப்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்றால், கதவு வளையத்தைத் திருப்பும் முன்னால் ஒரு சின்னக் குழாயைத் திறந்தே ஆக வேண்டும். ஆவி இருந்தால் சீறும். அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. ஆனால் அந்தக் குழாயில் நாரும் கசடும் அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் உள்ளே ஆவி இருந்தும் சத்தம் வராது. நான் இருந்த இடத்தில், குழாயைத் திறந்து சத்தம் இல்லையென்றால் ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்திப் பார்க்காமல் வளையத்தில் கை வைக்க விட்டதில்லை. வெந்நீர் வந்தது என்றால் வடிகாலும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பொறியாளர் பையன் கம்பியை மட்டும் பார்த்தான், வடிகாலைப் பார்க்கவில்லை. புதுசு, அப்படித்தான் இருப்பான். கதைக்கு அது நல்லதுதான்.

இன்னொன்று. மூன்று நாள் லீவு என்று எழுதியிருக்கிறீர்களே, தெரிந்தே எழுதினீர்களா?

ஆத்தோரம்:
இல்லை ஐயா. சித்தப்பா மூன்று நாள் என்றுதான் சொன்னார். ஏன்?

பழைய பாய்லர்:
நான்கு நாளுக்கு மேல் ஒருவன் தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால் அந்த விபத்தை வேலையிடப் பாதுகாப்புத் துறைக்கு, ஜேகேகேபி என்கிறோமே, அங்கே தெரிவிக்க வேண்டும். 2004இல் வந்த விதி. அதனால் மூன்று நாள் என்கிற எண் எனக்குப் பழைய ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் வெந்த காலோடு வந்து விளக்குமாறு பிடித்துக்கொண்டு நிற்பான். கேட்டால் "லைட் டியூட்டி". ஆனால் விதி சொல்வது வழக்கமான வேலையை. ஸ்டெரிலைசர்க்காரனுக்குக் கூட்டிப் பெருக்குவது வழக்கமான வேலையா?

ஒற்றைவரி:
விவரம் எல்லாம் சரி ஐயா, இது கதை. ஆலைக் கையேடு இல்லை. எனக்குத் தோன்றியது: முதல் கடிதப் பகுதியில் அமிலம் ஏறும், விலை இறங்கும் என்று விளக்கம் நீள்கிறது. வெட்டலாம். கையெழுத்து வரியில்தான் கதை ஆரம்பிக்கிறது. அதை ஷவரில் வைத்தது கொஞ்சம் சினிமாத்தனம்.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. "அனுப்பினான். மணி 7:52. அம்மா பசியாறக் கூப்பிட்டாள்." அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது மின்னஞ்சல் அவனுக்கு நல்லவன் பட்டம் வாங்கிக் கொடுக்க எழுதியது.

கோப்புமேசை:
எனக்கு அந்த இரண்டாவது மின்னஞ்சல் வேண்டும். ஆனால் கதையின் முதுகெலும்பு அதுவல்ல என்பேன். "சொந்தக் காரணங்களுக்காக" என்பதை அவன் சேர்த்து, எடுத்து, மறுபடி சேர்த்து, எடுக்கிறானே, அதுதான். பெரும்பாலான ராஜினாமாக் கடிதங்களில் இந்தச் சொல் பழக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். காரணம் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் வெறும் தாளாகக் கொடுக்கக் கூச்சப்பட்டு எழுதிவிடுகிறார்கள்.

அந்த இரண்டு சொல் என்ன செய்யும் என்று ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு பெண், கணக்குப் பிரிவு. முதலாளி அவர் சம்பளத்தைத் தன்னிஷ்டத்துக்குக் குறைத்துவிட்டார். பொறுக்க முடியாமல் விலகினார். கடிதத்தில் "சொந்தக் காரணங்கள்", கூடவே நன்றி, வாழ்த்து. பிறகு யாரோ சொல்லித் தொழிலுறவுத் துறைக்குப் போனார். முதலாளி ஒப்பந்தத்தை அடியோடு மீறியதால் வெளியேற வேண்டியிருந்தது என்றால், அதை வேலைநீக்கமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லி 1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் முறையிடலாம், 60 நாளுக்குள். முதலாளி தரப்பு வேறு எதையும் காட்டவில்லை, அந்தக் கடிதத்தை மட்டும் காட்டியது. "அவரே எழுதியிருக்கிறார் பாருங்கள், சொந்தக் காரணம் என்று." ரொம்பவும் திணறிப்போனார்.

நம் கதையில் பையன் வழக்குப் போடுவான் என்று சொல்லவில்லை. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து உட்கார்ந்து வேலை செய்பவன், "மீறலைப் பொறுக்க முடியாமல் உடனே வெளியேறினேன்" என்று பேசுவதும் கஷ்டம். ஆனால் பொய்யான காரணத்தைத் தன் கையால் எழுதாமல் விட்டான். ஏற்கெனவே "வழுக்கி விழுந்தான்" என்ற ஒரு பொய்யின் கீழ் கையெழுத்துப் போட்டவன். இரண்டாவது முறை போடவில்லை. கதை இதைச் சொல்லாமல் சொல்கிறது என்று நினைத்தேன்.

ஒற்றைவரி:
அது நான் கவனிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மின்னஞ்சல் இன்னும் தேவையில்லை. ஒரு பொய்யை விட்டுவிட்டான் என்பதே போதும்.

பழைய பாய்லர்:
போதாது தம்பி. அவன் எழுதாமல் விட்டதால் கம்பி அவிழ்ந்துவிடவில்லை. கதையிலேயே இருக்கிறது, செப்டம்பர் 30 இரவு கம்பியைப் பார்த்தான், வெட்டவில்லை. எனக்கு அந்த வரி கையெழுத்து வரியைவிட மோசமாகப் பட்டது. இன்னும் இரண்டு மாதம் அதே ஆலையில் அதே கதவுக்கு முன்னால் நிற்கப் போகிறான். ராஜினாமாக் கடிதத்தில் அதை எழுதாதது சரி. அந்தக் கடிதம் மேனேஜர் மேசையிலிருந்து கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். துறைக்கு எழுத வேண்டும். பெறுநர் இடத்தைக் காலியாக விடாதீர்கள், நிரப்புங்கள்.

கிள்ளான்வாசி:
நிரப்பினால் அடுத்த நாளே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். தோட்டத்து வீட்டில் வளர்ந்தவன் சொல்கிறேன். ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட்டபோது எங்களுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள், ஆறாவது வாரமே தண்ணீரை நிறுத்தினார்கள். அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு எந்தப் பையனும் நவம்பர் 30க்கு முன்னால் அந்த மின்னஞ்சலை அனுப்ப மாட்டான். டிசம்பர் 1 அனுப்புவான்.

பழைய பாய்லர்:
டிசம்பருக்குள் இன்னொரு கால்.

நைட் ஷிப்ட்:
பெயர் போடாமல் புகார் கொடுக்க முடியாதா?

பழைய பாய்லர்:
கொடுக்கலாம். ஆனால் இரவு இரண்டரை மணி, இரண்டாம் நம்பர் கதவு என்று எழுதினால் ஆலையில் யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஷிப்டில் இருக்கிற பொறியாளர் ஒருவன்தான்.

லாபிஸ் அக்கா:
அந்த வங்காளதேசத்துப் பையனுக்குக் கால் சரியாகிவிட்டதா? கதையில் அவனைப் பற்றி அப்புறம் ஒன்றுமே இல்லையே. முதல் கடிதத்துக்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் அவன் இல்லை.

ஆத்தோரம்:
அக்கா, இது என் மண்டையில் ஏறவே இல்லை. நன்றி. நிஜமாகவே அவனை மறந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் வைத்து நேற்று இரவு உட்கார்ந்தேன். அமில விளக்கத்தை ஒரு வரியாகக் குறைத்துவிட்டேன். ஷவரை எடுத்துவிட்டேன். இப்போது அம்மா சட்டையைத் துவைக்க எடுக்கும்போது பையிலிருந்து கிளினிக் அறிக்கையின் நகல் விழுகிறது. வடிகால் அடைப்பை அப்பா வாயில் வைத்தேன், பாய்லர்க்காரருக்குத் தெரிந்திருக்குமே. செப்டம்பர் 30 பகுதி இப்படி மாறியிருக்கிறது:

"இரண்டாம் நம்பர் கதவில் கம்பி இருந்தது. பையன் விளக்குமாற்றோடு நின்றிருந்தான். இடது பூட்ஸின் நாடா கட்டப்படாமல் தொங்கியது, கட்டினால் வலிக்கும்போல. 'பாஸ், நாளைக்கு மறுபடி கதவு வேலையா?' என்று கேட்டான். 'இல்லை' என்றான் இவன். அதைச் சொல்லும் அதிகாரம் தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை."

முடிவில் மின்னஞ்சல் இருக்கிறது. பெறுநர் இடம் காலி என்பதை எடுத்துவிட்டேன், நிரம்பியிருக்கிறது என்றும் எழுதவில்லை. இதிலும் ஒற்றைவரிக்குத் திருப்தி இருக்காது.

ஒற்றைவரி:
இருக்காது. ஆனால் பூட்ஸ் நாடா நன்றாக இருக்கிறது.

கோப்புமேசை:
ஒரு சின்னச் சேர்க்கை. மின்னஞ்சலில் அனுப்பியதோடு விடாமல், கடிதத்தை அச்செடுத்து ஆபீஸ் கிராணியிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதி முத்திரை வாங்குவதாக வையுங்கள். எங்கள் மேசைக்கு வரும் பாதித் தகராறு, "கடிதம் எப்போது வந்தது" என்பதுதான். தோட்டத்து ஆபீஸில் அந்த முத்திரைச் சத்தம் கதைக்கும் நன்றாக இருக்கும். கிராணி என்ன பார்வை பார்த்தார் என்றும் எழுதலாம்.

பழைய பாய்லர்:
ஆத்தோரம், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கம்பி என்ன கம்பி? எங்கள் ஆலையில் வெல்டிங் குச்சியை வளைத்து மாட்டுவார்கள். இன்னொரு இடத்தில் வேலிக்குப் போடும் மெல்லிய கம்பி, இரண்டு சுற்று. நீங்கள் "கம்பி" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சித்தப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள், கதையில் வரட்டும்.

ஆத்தோரம்:
கேட்டேன் ஐயா, இப்போதுதான் போனில். முதலில் ஒன்றும் பேசவில்லை. தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். "வெல்டிங் குச்சி" என்றார். அப்புறம், "எந்தக் கதவுன்னு எழுதியிருக்க?" என்று கேட்டார். இரண்டாம் நம்பர் என்றேன்.

"மூணாம் நம்பர்" என்றார்.